பேக்கரிக்குள் நுழைந்த சொற்பட்டியல்

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்க. முதல் வாரமே கையில் ஒரு பட்டியலைத் திணிச்சிருப்பாங்க. அகர வரிசையில் சில நூறு சொற்கள். 'பி' எழுத்துக்குப் போனால் பால்கனி, வங்கி, கட்டில், மலிவு, பேரிக்காய், தயவுசெய்து, ரொட்டி, அண்ணன் எல்லாம் ஒரே வரிசையில் ரேஷன் கடை க்யூ மாதிரி நிற்கும். பையன் என்ன பண்றான்? அப்படியே கார்டுகளா மாத்திடறான். முன்பக்கம் ஜெர்மன், பின்பக்கம் தமிழ். ரெண்டு மாசத்தில் பெட்டி நிறைய கார்டு இருக்கும், கடையில் போய் ரொட்டி கேட்க வாய் வராது.

இந்த வியாதி புதுசு இல்லை மக்களே. இதுக்கு வைத்தியம் பார்த்தவங்க நானூறு வருஷத்துக்கு முன்னாடியே இருக்காங்க. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1611-இல் ஸ்பெயினில் சலமான்கா நகரில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் வில்லியம் பேத், அயர்லாந்துக்காரர், ஏசு சபைப் பாதிரியார். புத்தகத்தின் பெயருக்கு 'மொழிகளின் வாசல்' என்று பொருள். அவருடைய யோசனை எளிமையானது. லத்தீனில் தேவையான சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் பண்ணாதே, வாக்கியமாகப் படி. ஐயாயிரத்துச் சொச்சம் சொற்களைச் சுமார் 1,200 வாக்கியங்களுக்குள் அடைத்தார். அதில் ஒரு விதி வேறு: ஒரு சொல் ஒரு தடவைதான் வரணும். புத்தகம் முடிந்தால் எல்லாச் சொல்லும் பார்த்தாச்சு, எதையும் ரெண்டு தடவை பார்த்து நேரம் வீணாகலை. கேட்க நல்லாத்தான் இருக்கு.

இந்தப் புத்தகம் யான் ஆமோஸ் கொமேனியஸ் கையில் கிடைத்தது. மொராவியாவில் 1592-இல் பிறந்தவர், புராட்டஸ்டண்ட் சபை போதகர், பள்ளி வாத்தியார். மதப் போரில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு 1628-இல் போலந்தில் லெஷ்னோ என்ற ஊரில் தஞ்சம் புகுந்தவர். பேத் ஐயாவின் யோசனை அவருக்குப் பிடித்திருந்தது, செய்த விதம் பிடிக்கலை. அவர் சொன்ன குறைகளை நம்ம பாஷையில் சொல்றேன். அன்றாடம் வேண்டிய சொற்கள் பல விட்டுப்போச்சு, யாரும் பேசாத சொற்கள் உள்ளே இருக்கு. பல பொருள் உள்ள சொல் ஒரே ஒரு பொருளோடு ஒரு தடவை தலைகாட்டிட்டுப் போயிடுது. அந்த ஒரு தடவையும் நேர்ப் பொருளில் வராமல் உவமையாக வருது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் 1631-இல் அவரே ஒரு 'திறந்த வாசல்' எழுதினார். சுமார் 8,000 சொற்கள், 1,000 வாக்கியங்கள், 100 அத்தியாயங்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பொருள் பற்றியது: நெருப்பு, உடம்பு, தோட்டம், வீடு இப்படி. ஐரோப்பா முழுக்கப் பல மொழிகளில் பெயர்த்தார்கள். ஆனால் 'ஒரு சொல் ஒரு தடவை' விதியை அவரும் பெரும்பாலும் விடலை. ஆயிரம் வாக்கியத்தில் எட்டாயிரம் சொல் என்றால் வாக்கியத்துக்கு எட்டுப் புதுச் சொல். வகுப்பில் பசங்க திணறினாங்க. 1633-இல் 'முன்வாசல்' மாதிரி இன்னொரு சின்னப் புத்தகம் எழுத வேண்டியதாப் போச்சு.

உருப்படியான தீர்வு பிறகுதான் வந்தது. 1650-இலிருந்து 1654 வரை ஹங்கேரியில் ஷாரோஷ்பாடக் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே உருவானதுதான் 'படங்களில் உலகம்'. 1658-இல் நியூரம்பெர்க்கில் லத்தீனும் ஜெர்மனும் பக்கம் பக்கமாக அச்சானது. அதில் பேக்கரி அத்தியாயத்தைப் பாருங்க. மேலே மரச்செதுக்குப் படம். ஒருத்தர் மாவு சலிக்கிறார், தொட்டியில் பிசைகிறார், துடுப்பு மாதிரி நீளமான பலகையில் ரொட்டியை வைத்து அடுப்புக்குள் தள்ளுகிறார். படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எண். கீழே வாக்கியத்தில் அந்தச் சொல் வரும் இடத்தில் அதே எண். சல்லடை, தொட்டி, மாவு, அடுப்பு எல்லாம் ஒரே வேலையின் துண்டுகள். பெயர்ச்சொல்லோடு சலி, பிசை, தள்ளு என்ற வினைகளும் கூடவே வந்துவிடும்.

உச்சரிப்புக்கும் வழி வைத்திருந்தார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புத்தகத்தின் ஆரம்பத்தில் எழுத்து வரிசை. 'ஏ' எழுத்துக்குப் பக்கத்தில் காக்காப் படம், அது 'ஆ ஆ' என்று கத்துது. 'பி'க்கு 'பே ஏ ஏ' என்று ஆட்டுக்குட்டி. 'ஆர்' எழுத்துக்கு உறுமும் நாய், 'எஸ்' எழுத்துக்குச் சீறும் பாம்பு. விதி எதுவும் சொல்லலை. பையனுக்கு ஏற்கனவே தெரிந்த சத்தத்தைக் காட்டி, இதைப் பண்ணுன்னு சொல்றார்.

இதுக்கு நடுவில் அவர் பட்டது கொஞ்சம் இல்லை. 1656-இல் போரில் லெஷ்னோ எரிந்தது. 1612-இலிருந்து அவர் சேர்த்து வந்த செக் மொழிச் சொற்களஞ்சியக் கையெழுத்துப் பிரதி அதில் சாம்பலானது. 44 வருஷ உழைப்பு. சொற்பட்டியல் என்றால் நமக்குச் சலிப்பு, அந்த மனுஷனுக்கு அது தொலைந்துபோன ஊர்.

சரி, புத்தகத்திலிருந்து கார்டுக்கு வருவோம். 1972-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் தன் புத்தகத்தில் ஐந்து அறைப் பெட்டியைச் சொன்னார். சரியாகச் சொன்ன கார்டு அடுத்த அறைக்கு நகரும், தப்பினால் முதல் அறைக்குத் திரும்பும். பின் அறைகளை அபூர்வமாகத்தான் திறக்கணும். 2006-இல் வந்த ஆன்கி போன்ற மென்பொருள்கள் இதே எண்ணத்தைக் கணக்குப் போட்டுச் செய்கின்றன.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கு. கொமேனியஸ் புத்தகத்தில் பேக்கரிச் சொற்கள் எப்போதும் பேக்கரிப் பக்கத்திலேயே இருக்கும். பெட்டியில் அப்படி இல்லை. ஒரே வாரத்தில் ரொட்டி மூணாவது அறைக்குப் போயிருக்கும், 'கட்டணம் செலுத்து' முதல் அறையிலேயே கிடக்கும். தலைப்பு சிதறிப் போச்சு. அதனால் கார்டில் தலைப்பு என்பது உள்ளே நுழையும் நாளுக்கு மட்டும்தான். அப்புறம் அந்தக் காட்சியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியம் இல்லாத கார்டு அன்றைக்கே அனாதை.

தலைப்பு என்றால் எது என்பதிலும் குழப்பம் உண்டு. 'படங்களில் உலக'த்திலேயே ரெண்டு விதமும் இருக்கு. பேக்கரி ஒரு காட்சி, பறவைகள் வெறும் இனம். 1993-இலும் 1997-இலும் தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். சட்டை, கோட்டு, ஸ்வெட்டர் என்று ஒரே இனச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் கற்பவர்களுக்குத் தாமதமாச்சு, ஒன்றை ஒன்று குழப்பியது. தவளை, குளம், குதி, பச்சை என்று ஒரே காட்சிச் சொற்களைக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், வகுப்பில் இடது-வலது ரெண்டையும் ஒரே நாளில் படித்துவிட்டு ஆறு மாசம் மாத்தி மாத்திச் சொல்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

இப்போ பட்டியலை உடைப்போம். 'பி' வரிசையிலிருந்து சின்ன ரொட்டி, கட்டணம் செலுத்து, மலிவு மூன்றையும் எடுங்க. 'எஸ்' வரிசையிலிருந்து 'துண்டு' என்ற சொல்லை எடுங்க. நாலையும் பேக்கரிக்குள் அனுப்புங்க. மலிவை எடுத்தாச்சுன்னு அதன் எதிர்ச்சொல்லையும் கூட இழுக்காதீங்க. விலை அதிகம் என்ற சொல் ரெண்டு வாரம் கழித்து வீட்டு வாடகைக் காட்சியில் வரட்டும். ஆன்கிக்குள் இழுக்கும் கோப்பு இப்படி இருக்கும். அரைப்புள்ளிக்கு முன்னால் கேள்வி, பிறகு விடை, கடைசியில் உச்சரிப்புக் குறிப்பு:

```
#separator:Semicolon
Ich hätte gern drei ____. (சின்ன ரொட்டி);das Brötchen, die Brötchen;'ஏ' சொல்லி உதட்டை 'ஓ'வுக்குக் குவி. நடுவில் ch: நாக்கு 'ஈ' நிலையில், காற்று மட்டும்
Was kostet ein ____ Kuchen? (துண்டு);das Stück, die Stücke;தொடக்கம் 'ஷ்ட்'. 'இ' சொல்லி உதட்டை 'உ'வுக்குக் குவி
Kann ich mit Karte ____? (கட்டணம் செலுத்து);bezahlen;பீட்ஸாவில் வரும் 'ட்ஸா'. அழுத்தம் அங்கேதான்
Das Brot von gestern ist ____. (மலிவு);billig;கடைசி ig: சின்ன ரொட்டியின் ch ஊதல். தெற்கே 'க்'
```

கோப்பை யூ.டி.எஃப்-8 ஆகச் சேமிக்கணும், இல்லாவிட்டால் தமிழும் உம்லவுட் புள்ளிகளும் ஜிலேபி ஆகிடும். வாக்கியத்துக்குள் அரைப்புள்ளி வரக்கூடாது.

குறிப்புகளைக் கவனிச்சீங்களா? சொல்லை அப்படியே தமிழில் எழுதவில்லை. 'ப்ரோட்சென்' என்று எழுதி வைத்தால் நாக்கு அதைத்தான் பிடித்துக்கொள்ளும், ஒலிநாடா வந்து திருத்தினாலும் கேட்காது. மேலும் நம்ம 'ப'வுக்கு ரெண்டு ஒலி. 'பல்'லில் ஒன்று, 'தம்பி'யில் ஒன்று. ஜெர்மன் ரெண்டையும் வேற எழுத்தாகப் பார்க்கும். பெட்டி, பை என்று ஆரம்பிக்கும் இடத்தில் நாம் 'பல்'லின் 'ப'வைப் போட்டுப் பழகியவர்கள் என்பதால், பி-யில் தொடங்கும் கார்டுகளில் 'தம்பியின் ப' என்று ரெண்டே சொல் எழுதினால் போதும். கொமேனியஸ் ஆட்டுக்குட்டியைக் காட்டினார், நாம் தம்பியைக் காட்டுறோம், அவ்வளவுதான்.

பேத் ஐயாவின் ஓட்டை நம்ம பெட்டியிலும் எட்டிப்பார்க்கும். வங்கிக்கான ஜெர்மன் சொல் 'பாங்க்'. பூங்காவில் உட்காரும் பெஞ்சுக்கும் அதே 'பாங்க்'தான். பன்மையில் பிரிந்துவிடும்: வங்கிகள் 'பாங்க்கன்', பெஞ்சுகள் 'பெங்க்க'. ஒரே கார்டில் 'வங்கி / பெஞ்சு' என்று சாய்கோடு போட்டு எழுதினால், பார்க்கும்போதெல்லாம் வங்கி மட்டும் சொல்லிவிட்டுச் சரி என்று அடுத்த அறைக்குத் தள்ளிவிடுவோம். ரெண்டு கார்டு போடுங்க. ஒன்று பணம் எடுக்கும் காட்சியில், இன்னொன்று பூங்காவில், கொஞ்சம் நாள் இடைவெளி விட்டு.

கார்டு வேலை செய்யுதா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. பத்து நாள் கழித்து, கேள்வியின் முதல் ரெண்டு சொல்லைப் பார்த்ததுமே விடை வாயில் வருதா? அப்படியென்றால் சொல் பதியலை, வாக்கியத்தின் முகம்தான் பதிஞ்சிருக்கு. அதே சொல்லுக்கு வேற வாக்கியம் எழுதி மாத்திடுங்க. பேக்கரிக்காரர் அதே ஆள், இன்றைக்கு வேற சாமான் கேட்கிறோம்.