கால் வழித்த பிறகு கடியும் பருக்களும்: காரணம் பிளேட் மட்டுமல்ல

யாழ்ப்பாணத்தில் தோல் கிளினிக் ஒன்றில் தாதியாக வேலை செய்த காலத்தில், கால் முடியை வழித்ததால் வந்த கடியோடு பல பெண்களைக் கண்டிருக்கிறேன். அதற்காகவே வந்தேன் என்று அநேகமாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். வேறு ஏதோ வருத்தத்துக்கு மருந்து எடுத்துவிட்டு எழும்பும்போது, பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி, "மிஸ், இதையும் ஒருக்கா பாருங்கோ" என்பார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்து வெள்ளையாகச் செதில் கட்டியிருக்கும். இடையிடையே சிவந்த பருக்களும், சொறிந்து கறுத்த புள்ளிகளும் இருக்கும்.

அவர்களில் ஒரு பிள்ளை நன்றாக நினைவிலிருக்கிறாள். வயது இருபதுகளின் நடுப்பகுதி, கடையொன்றில் வேலை. சீருடை முழங்காலோடு நிற்பதால் இரண்டு நாளுக்கு ஒருக்கால் வழிப்பாள். எப்படி வழிப்பாய் என்று கேட்டேன். கிணற்றடியில் குளிக்கத் தொடங்கும்போதே சவர்க்காரத்தைக் காலில் தேய்த்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மேல்நோக்கி இழுப்பாளாம். பிளேட் மாற்றி இரண்டு மாதம். முடிந்ததும் கிருமி வராமலிருக்க டெற்றோல் கலந்த தண்ணீர். கறுப்பு மறைய வாரத்தில் ஒருநாள் தேசிக்காய்ப் பாதியால் தேய்ப்பு. அவளுடைய காலில் இருந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இந்தப் பதிலுக்குள் இருந்தது.

தோலில் என்ன நடக்கிறது

தோலின் ஆக மேலே இறந்த கலங்களால் ஆன மெல்லிய படை ஒன்று இருக்கிறது. அந்தக் கலங்களுக்கு இடையில் இருக்கும் கொழுப்பு, சுவரில் கல்லுக்கு இடையில் இருக்கும் சாந்துபோல, உள்ளேயுள்ள ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும். றேசர் முடியை மட்டும் வெட்டுவதில்லை, இந்தப் படையிலும் கொஞ்சத்தைச் சுரண்டிக்கொண்டு போகிறது. முகத்தோடு ஒப்பிட்டால் முன்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. ஆகவே சுரண்டுப்பட்ட இடம் ஆறுதலாகத்தான் சீராகும். அதற்குள் திரும்ப வழித்தால் தோல் காய்ந்து வெடித்து, கடிக்கத் தொடங்கும்.

இதோடு சவர்க்காரமும் சேர்கிறது. தோல் இயல்பில் சிறிதளவு அமிலத்தன்மை உள்ளது. கட்டிச் சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. அது அந்தக் கொழுப்பைக் கழுவி எடுத்துவிடும். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவதால் கல்சியம் கூடியது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதுதான். இப்படியான நீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது. கல்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு படிவாகித் தோலில் ஒட்டி நிற்கும். நுரை இல்லாததால் பிளேட் வழுக்காமல் இழுபடும். ஒட்டி நிற்கும் படிவு பிறகு கடியைத் தரும்.

இரண்டு மூன்று நாளில் வரும் கடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தானாக வளர்ந்த முடியின் நுனி கூராகி மெலிந்திருக்கும். வழித்த முடியின் நுனி மொட்டையாக, குச்சிபோல வெளிவரும். அது தோலையும் உடுப்பையும் உரசுகிறது. வழித்தால் முடி தடிப்பாக வளரும் என்ற பேச்சும் இதனால்தான் வந்தது. முடியின் வேர் தோலுக்குள் ஆழமாக இருப்பதால் பிளேட்டால் அதன் தடிப்பையோ எண்ணிக்கையையோ மாற்ற முடியாது.

எல்லாப் பருவும் ஒன்றல்ல

எப்போது வந்தது, எப்படி இருக்கிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். வழித்த சில நிமிடங்களில் எரிவும் சிவப்புமாகப் படர்ந்து ஓரிரு நாளில் அடங்கினால், அது உரசலால் வந்த எரிவு. ஈரமான குளிர்ந்த துணியும் வாசனையில்லாத கிறீமும் போதும்.

ஒவ்வொரு முடியின் அடியிலும் சீழ் முனையோடு, தொட்டால் நோகும் சிறு பருக்கள் வந்தால், முடிக்கால்களில் கிருமி தொற்றியிருக்கிறது. பழைய பிளேட்டும் பிறருடைய றேசரும் இதற்கு வழி. இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். ஆறும்வரை வழிக்கக்கூடாது.

சில நாள் கழித்து வரும் கெட்டியான பருவுக்குள் கறுப்புக் கோடுபோல முடி வளைந்து தெரிந்தால், அது தோலுக்குள் திரும்பி வளர்ந்த முடி. ஊசியால் கிண்டி எடுக்காதீர்கள். வழிப்பதை நிறுத்தினால் முடி நீண்டு பெரும்பாலும் தானாகவே வெளியே வரும். கிண்டினால் கறுப்புத் தழும்பு மிஞ்சும். எங்களுடையது போன்ற மண்ணிறத் தோலில் சிறு அழற்சிகூட மாதக்கணக்கில் நிற்கும் கறுப்புப் புள்ளியை விடும். பருவைவிட அந்தப் புள்ளிதான் பெண்களை அதிகம் கவலைப்படுத்துகிறது.

வழிக்கும் முறை

குளிக்கத் தொடங்கும்போது அல்ல, குளிப்பின் கடைசியில் வழியுங்கள். இளஞ்சூடான நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் கால் ஊறினால் முடி மெதுமையாகிவிடும். பிளேட்டை அழுத்த வேண்டியிராது. கிணற்றடியில் குளிப்பவர்கள் ஒரு வாளி சூட்டுத் தண்ணீரை விளாவி, நனைத்த துவாயைக் காலில் சுற்றி வைத்தாலும் அதே பயன்தான்.

கட்டிச் சவர்க்காரத்துக்குப் பதிலாகச் சவரக் கிறீமோ ஜெல்லோ பூசுங்கள். அவை இல்லையென்றால் தலைக்குப் போடும் கண்டிஷனர் நன்றாக வழுக்கும். கிளினிக்கில் கொடுக்கும் அக்குவஸ் கிறீமும் இதற்கு நல்லது. ஆனால் அதில் நுரைக்கும் பொருள் ஒன்று சேர்ந்திருப்பதால் பூசி வழித்த பின் கழுவிவிட வேண்டும். நாள் முழுக்கப் பூசி விட்டால் சிலருக்கு அதுவே எரிவைத் தரும்.

அடுத்து, முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். முன்காலில் அநேகமாகக் கீழ்நோக்கிச் சாயும். தொடையில் இடத்துக்கு இடம் மாறும். சாயும் பக்கமாகவே, அழுத்தாமல், சிறு சிறு இழுப்பாக வழியுங்கள். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் பிளேட்டைக் கழுவுங்கள். தோலை இழுத்துப் பிடிக்கவோ, ஒரே இடத்தைப் பலமுறை வழிக்கவோ வேண்டாம். எதிர்ப்பக்கமாக வழித்தால் கால் பளபளக்கும். ஆனால் முடி தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டு, வளரும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நாலைந்து பிளேட் உள்ள றேசரும் இதையே செய்யும். பருக்கள் வரும் தோலுக்கு ஒன்று அல்லது இரண்டு பிளேட் உள்ளதே பாதுகாப்பு.

ஐந்து முதல் ஏழு முறை பாவித்ததும் பிளேட்டை மாற்றுங்கள். இழுபடத் தொடங்கினால் அதற்கு முன்னரே மாற்றுங்கள். கழுவி உதறி, குளியலறைக்கு வெளியே காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். தகப்பனுடையதோ சகோதரியுடையதோ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியால் ஈரல் அழற்சிக் கிருமிகள் தொற்றலாம்.

முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, துவாயால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே வாசனையில்லாத கிறீமோ, மெல்லிய படையாக வசிலினோ பூசுங்கள். காய்ந்த காலுக்குத் தேங்காயெண்ணெயும் நல்லதுதான். சீழ்ப் பருக்கள் வருபவர்கள் மட்டும் வழித்த அன்று தடிப்பாக எண்ணெய் பூசாமல் விடுவது நல்லது. டெற்றோல், ஸ்பிரிட், வாசனைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேசிக்காய்ச்சாறு பட்ட தோல் வெயிலைக் கண்டால் புண்பட்டு முன்பைவிடக் கறுக்கும். பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிறீமைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும்.

தழும்பும் செயற்கைக் காலும்

எங்கள் பெண்களில் பலருடைய கால்களில் ஷெல் துண்டின் தழும்போ, எரிகாயமோ, தோல் ஒட்டிய இடமோ இருக்கிறது. அந்த இடத்துத் தோலுக்கு உணர்வு குறைவு. வெட்டுப்பட்டாலும் தெரியாமல் போகலாம். எண்ணெய்ச் சுரப்பிகளும் அழிந்திருப்பதால் ஆறச் சுணங்கும். தழும்பு மேடுபள்ளமாக இருந்தாலோ, உள்ளே துண்டு தட்டுப்பட்டாலோ, அதைச் சுற்றி வழித்துவிட்டு அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அங்கு முடி இருந்தால் சிறு கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கினால் போதும்.

செயற்கைக் கால் போடுபவர்கள், அது பொருந்தும் பகுதியை வழிக்கவே வேண்டாம். மொட்டை நுனியோடு வளரும் முடி உள்ளே நாள் முழுக்க வியர்வையிலும் அழுத்தத்திலும் உரசுப்பட்டு, பருவாகிப் புண்ணாகும். பிறகு ஆறும்வரை காலைப் போட முடியாமல், வேலைக்கும் போக முடியாமல் இருக்க வேண்டிவரும். வழிக்காத முடி அங்கு இடைஞ்சல் செய்வதில்லை.

நீரிழிவால் பாதம் விறைத்தவர்களும் றேசரைத் தவிர்த்து, தோலில் படாமல் முடியை நறுக்கும் மின் ட்ரிமரைப் பாவிக்கலாம். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, கால் சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அது கிறீமால் தீராது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தொடையிலும் மேற்கையிலும் வழிக்காமலே சொரசொரப்பாக இருக்கும் சிறு பருக்கள் வேறு. அவை தோலின் இயல்பு, தொற்றுநோயல்ல.

அந்தப் பிள்ளையை வைத்தியர் பார்த்து, சீழ்ப் பருக்களுக்கு மருந்து கொடுத்து, நாலு வாரம் வழிக்கக்கூடாது என்றார். சீருடைக்கு நீளமான காலுறை போட்டுச் சமாளித்தாள். டெற்றோலையும் தேசிக்காயையும் விட்டு, இரண்டு வேளையும் கிறீம் பூசினாள். முதல் வாரத்தில் கடி நின்றது. மூன்றாவது வாரம் பருக்கள் அடங்கின. பிறகு புது பிளேட்டில், கீழ்நோக்கி, வாரத்துக்கு ஒருக்கால் மட்டும் வழிக்கத் தொடங்கினாள். முன்போலப் பளபளப்பு இல்லை, கையால் தடவினால் கொஞ்சம் சொரசொரக்கும் என்றாள். கறுப்புப் புள்ளிகள் மங்க ஏழெட்டு மாதம் எடுத்தது. அந்த மாதங்களில் புதிதாக ஒன்றும் வரவில்லை.