கொலிஸ்டின் எதிர்ப்பு: அவையில் கேட்க வேண்டிய கேள்விகள்

நுண்ணுயிரியல் உரைகளின் முடிவில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: ‘மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதால்தானே கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுக்கின்றன?’ எந்த மருந்து, எந்தக் கிருமி என்று சொல்லாத இக்கேள்விக்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பயனில்லை. கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பதே என் வாதம். கொலிஸ்டின் அதற்கு நல்ல சான்று.

முதற்கேள்வி: மருந்து யாருக்குக் கொடுக்கப்பட்டது? சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் எம்.சி.ஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணுவை அறிவித்தார்கள். விலங்குகளிடமிருந்து எடுத்த 804 ஈ. கோலை மாதிரிகளில் 166இல் அது இருந்தது. உள்நோயாளிகளின் 1322 மாதிரிகளில் 16இல் மட்டுமே. அன்று அந்நாட்டு மருத்துவமனைகளில் கொலிஸ்டின் வழக்கத்தில் இல்லை. பன்றிகளை விரைவாகக் கொழுக்க வைக்கத் தீவனத்தில் டன் கணக்கில் கலந்தார்கள். 2017இல் அந்தக் கலப்பு தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு மருத்துவமனைகளில் கொலிஸ்டின் பயன்பாட்டுக்கு வந்தது. அப்படியிருந்தும் மனிதர் குடலில் எம்.சி.ஆர்-1 உள்ள ஈ. கோலையின் இருப்பு 2016இல் 14.3 விழுக்காட்டிலிருந்து 2019இல் 6.3 ஆகக் குறைந்தது. பண்ணையின் பங்கை இதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் தரவு அரிது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் இந்தக் கதையில் எங்குமே இல்லை.

அதற்காக எல்லாப் பழியையும் பண்ணைமேல் போட்டுவிட முடியாது. எனவே இரண்டாம் கேள்வி: எதிர்ப்பு பிளாஸ்மிடில் இருக்கிறதா, குரோமோசோமிலா? எம்.சி.ஆர்-1 பிளாஸ்மிடில் ஏறிக் கிருமிவிட்டுக் கிருமி தாவுவது. இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லாவிலோ பெரும்பாலும் குரோமோசோம் திரிபுதான் காணப்படுகிறது. வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கொலிஸ்டினை ஏற்றும்போது, திரிந்த கிருமி மட்டும் பிழைத்து நிற்கிறது. அந்த ஊசியை நோயாளி தானாகப் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் பிளாஸ்மிட் என்றாலே பண்ணை என்று முடிவுகட்டக் கூடாது. மருத்துவமனைக்குள்ளும் பிளாஸ்மிட்கள் பரவுகின்றன.

ஆகவே மூன்றாவது: அடுத்தடுத்த படுக்கைகளில் கிடைத்த கிருமிகளின் மரபணு வரிசை ஏறத்தாழ ஒன்றேயா? ஆம் எனில், அங்கே ஒரே கிருமி கைகள், கருவிகள், கழுநீர்த் தொட்டிகள் வழியே நோயாளிவிட்டு நோயாளி போயிருக்க வாய்ப்பு மிகுதி. அதைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம்தான் கேட்க வேண்டும். வரிசைகள் வெகுவாக வேறுபட்டால், ஒவ்வொரு நோயாளியும் பெற்ற மருந்தின் அளவையும் நாள்களையும் தேட வேண்டியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, ‘எந்த முறையில் சோதித்தீர்கள்?’ என்று கேட்பது நல்லது. கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு. அகாரில் சரியாகப் பரவாது. வட்டத்தாள் சோதனை எதிர்ப்புள்ள கிருமியையும் அடங்கும் கிருமியாகக் காட்டிவிடும். திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துச் செய்யும் சோதனையே நம்பத்தக்கது.

தனிமனிதரைப் பற்றிய கேள்விக்கு உரிய இடம் வேறு. சிறுநீர்த் தொற்றுக்குக் கடையில் தானே சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கி விழுங்குபவரிடம், ‘கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்பதில் பொருள் உண்டு.