மியூச்சுவல் ஃபண்ட்: 1% கட்டணம்தானே என்று விட்டால் 27 லட்சம் குறையும்... எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்றால் என்ன?

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி போடுகிறீர்கள். வங்கிக் கணக்கில் இருந்து 5,000 ரூபாய் போகிறது. அதற்கு மேல் ஒரு பைசாகூட யாரும் எடுப்பதில்லை. பில் வருவதில்லை, கட்டணம் பிடித்ததாக எஸ்.எம்.எஸ் வருவதில்லை. அப்போ இந்த சேவை இலவசமா?

இல்லை. ஆண்டு முழுக்க, ஒவ்வொரு நாளும் உங்கள் முதலீட்டில் இருந்து ஒரு சிறு தொகை கழிக்கப்படுகிறது. அதன் பெயர்தான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. தமிழில் செலவு விகிதம் என்று சொல்லலாம். கண்ணில் படாமல் போகும் இந்தக் கட்டணம், 30 வருடத்தில் எவ்வளவாக வளர்கிறது என்று பார்ப்போம்.

எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்றால் என்ன?

ஒரு ஃபண்டை நடத்த செலவு இருக்கிறது. ஃபண்ட் மேனேஜர் மற்றும் நிறுவனத்துக்கான நிர்வாகக் கட்டணம், முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவாளருக்கான கட்டணம், பங்குகளைப் பாதுகாப்பாக வைத்திருப்பவருக்கான கட்டணம், ஆடிட் செலவு, விளம்பரம், ஃபண்டை விற்றுக் கொடுத்த ஏஜென்டுக்கான கமிஷன். இவை எல்லாம் சேர்த்து, ஃபண்டில் இருக்கும் மொத்தப் பணத்தில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்வதுதான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ.

இதற்கு செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஃபண்டின் அளவு பெரிதாகப் பெரிதாக, வசூலிக்கக்கூடிய அதிகபட்ச சதவீதமும் படிப்படியாகக் குறையும்.

எப்படிக் கழிக்கிறார்கள்?

உங்களிடம் ஒரு ஃபண்டில் 1 லட்சம் ரூபாய் இருக்கிறது, எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 2% என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு சுமார் 2,000 ரூபாய். இதை வருடக் கடைசியில் மொத்தமாக எடுப்பதில்லை. 365 நாளுக்கும் பிரித்து, ஒரு நாளைக்கு சுமார் 5 ரூபாய 48 பைசா வீதம் கழிக்கிறார்கள். அதுவும் உங்கள் கணக்கில் இருந்து தனியாக அல்ல. ஃபண்டின் மொத்தச் சொத்தில் இருந்து அன்றைய செலவைக் கழித்துவிட்டு, மீதியை வைத்துத்தான் அன்றைய என்.ஏ.வி கணக்கிடப்படுகிறது.

அதனால் ஆப்பில் நீங்கள் பார்க்கும் என்.ஏ.வி, லாப சதவீதம் எல்லாமே கட்டணம் போன பிறகு உள்ளவைதான். 'லாபம் 12% காட்டுது, இதில் இன்னும் 2% கழிக்கணுமா?' என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஏற்கெனவே கழித்தாகிவிட்டது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இந்த சதவீதம் உங்கள் லாபத்தின் மீது அல்ல, மொத்தத் தொகையின் மீது. மார்க்கெட் விழுந்து ஃபண்ட் நஷ்டத்தில் இருக்கும் வருடத்திலும் கட்டணம் கழிந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரே ஃபண்ட், இரண்டு விலை

2013 ஜனவரியில் இருந்து இந்தியாவில் எல்லா ஃபண்ட் நிறுவனங்களும் ஒரே ஃபண்டை இரண்டு வடிவில் தருகின்றன. ஏஜென்ட், வங்கி போன்ற இடைத்தரகர் மூலம் வாங்கினால் ரெகுலர் பிளான். ஃபண்ட் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் டைரக்ட் பிளான்.

இரண்டிலும் ஃபண்ட் மேனேஜர் ஒருவர்தான். வாங்கும் பங்குகளும் அதேதான். வித்தியாசம் கமிஷன் மட்டும். ரெகுலர் பிளானில் உங்கள் பணம் ஃபண்டில் இருக்கும் வரை ஏஜென்டுக்கு கமிஷன் போய்க்கொண்டே இருக்கும். டைரக்ட் பிளானில் அது கிடையாது. அதனால் அதன் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ குறைவு.

30 வருடக் கணக்கு

ஒரு பங்குச்சந்தை ஃபண்ட், கட்டணம் எதுவும் கழிக்காவிட்டால் ஆண்டுக்கு 12% வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்கான கணக்குதான். நிஜத்தில் ஒவ்வொரு வருடமும் மாறும். டைரக்ட் பிளானில் கட்டணம் 1%, ரெகுலரில் 2%. அதாவது கைக்கு வரும் வளர்ச்சி டைரக்டில் 11%, ரெகுலரில் 10%. இரண்டிலும் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.

10 வருட முடிவில்: டைரக்டில் சுமார் 10.95 லட்சம், ரெகுலரில் 10.33 லட்சம். வித்தியாசம் 62 ஆயிரம்.

20 வருட முடிவில்: டைரக்டில் சுமார் 43.7 லட்சம், ரெகுலரில் 38.3 லட்சம். வித்தியாசம் 5.4 லட்சம்.

30 வருட முடிவில்: டைரக்டில் சுமார் 1 கோடியே 41 லட்சம், ரெகுலரில் 1 கோடியே 14 லட்சம். வித்தியாசம் சுமார் 27.5 லட்சம்.

இந்த 30 வருடத்தில் நீங்கள் பாக்கெட்டில் இருந்து போட்ட மொத்தப் பணமே 18 லட்சம்தான். ஒரே ஒரு சதவீத வித்தியாசம், போட்ட முதலை விடப் பெரிதாகிவிட்டது.

1% எப்படி இவ்வளவு பெரிதாகிறது?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், கழிந்த பணம் தனியாகப் போவதில்லை, அது போட்டிருக்கும் குட்டியையும் சேர்த்துக்கொண்டு போகிறது. 1 லட்சம் ரூபாய் முதலீட்டில் முதல் வருடம் கூடுதலாக 1,000 ரூபாய் கட்டணம் போகிறது என்றால், நஷ்டம் 1,000 ரூபாய் மட்டும் அல்ல. அந்த 1,000 ஃபண்டிலேயே இருந்து ஆண்டுக்கு 11% வளர்ந்திருந்தால், அடுத்த 29 வருடத்தில் சுமார் 20,600 ரூபாய் ஆகியிருக்கும். இப்படி ஒவ்வொரு வருடமும் ஒரு தொகை, அதன் வளர்ச்சியோடு சேர்ந்து கைநழுவுகிறது.

இரண்டாவது காரணம், சதவீதம் மாறாவிட்டாலும் ரூபாய் கணக்கு ஏறிக்கொண்டே போகும். மேலே பார்த்த ரெகுலர் பிளானில் தொடக்கத்தில் கட்டணம் சில ரூபாய்தான். ஆனால் தொகை 1 கோடியே 14 லட்சத்தைத் தொடும்போது, அதில் 2% என்றால் வருடத்துக்கு 2 லட்சத்து 28 ஆயிரம் ரூபாய். மாதத்துக்கு 19,000 ரூபாய். நீங்கள் போடும் எஸ்.ஐ.பி 5,000, கழியும் கட்டணம் 19,000! ஆரம்பத்தில் இந்தக் கட்டணம் யாருக்கும் உறுத்தாததற்கும், கடைசியில் பெரிதாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

உங்களுடையது எது? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஃபண்டின் முழுப் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் பெயரிலேயே 'Direct' அல்லது 'Regular' என்று இருக்கும். அடுத்து ஸ்டேட்மென்ட். அதில் 'ARN' என்று தொடங்கும் எண் இருந்தால், அது உங்கள் ஏஜென்டின் பதிவு எண். நீங்கள் இருப்பது ரெகுலர் பிளானில். எல்லா ஃபண்டுகளையும் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்டில், உங்கள் முதலீட்டுக்காக ஏஜென்டுக்குப் போன கமிஷன் ரூபாயிலேயே இருக்கும்.

இன்றைய எக்ஸ்பென்ஸ் ரேஷியோ எவ்வளவு என்பதை ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலும் ஆம்ஃபி இணையதளத்திலும் பார்க்கலாம். இந்த சதவீதம் நிரந்தரம் அல்ல, செபி வரம்புக்குள் நிறுவனம் கூட்டலாம், குறைக்கலாம். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

ஒப்பிடும்போது கவனம்

ஒரே வகை ஃபண்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும். கடன் பத்திர ஃபண்டின் கட்டணமும் ஸ்மால்கேப் ஃபண்டின் கட்டணமும் வேறு வேறாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்பார்க்கும் லாபம் குறைவாக உள்ள இடத்தில் கட்டணம் இன்னும் அதிகமாக வலிக்கும். 7% வளரும் கடன் பத்திர ஃபண்டில் 1% கட்டணம் என்றால், வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது.

நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுகளில் இந்த ஒப்பீடு ரொம்ப எளிது. எல்லா நிறுவனங்களும் அதே 50 பங்குகளை, அதே விகிதத்தில்தான் வாங்குகின்றன. மேனேஜரின் திறமை என்று தனியாக எதுவும் இல்லை. அதனால் கட்டணம் குறைவாகவும், குறியீட்டை ஒட்டியும் நகரும் ஃபண்டைத் தேர்வு செய்தால் போதும்.

ரெகுலரில் இருந்து உடனே மாறலாமா?

அவசரப்பட வேண்டாம். ஒரே ஃபண்டில் ரெகுலரில் இருந்து டைரக்டுக்கு மாறினாலும், சட்டப்படி அது விற்றுவிட்டு மறுபடி வாங்குவதுதான். அதனால் வரி உண்டு. பங்குச்சந்தை ஃபண்டை ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20% வரி. ஓராண்டுக்கு மேல் என்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் உள்ளதற்கு 12.5%. பல ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் எக்ஸிட் லோடும் பிடிப்பார்கள். வரிச்சலுகைக்கான இ.எல்.எஸ்.எஸ் ஃபண்டில் 3 வருடம் கைவைக்கவே முடியாது.

அதனால் பலர் செய்வது இதுதான்: ரெகுலரில் போகும் எஸ்.ஐ.பி-யை நிறுத்திவிட்டு, இனிமேல் போடும் பணத்தை டைரக்டில் தொடங்குவது. பழைய தொகையை, ஆண்டுதோறும் 1.25 லட்சம் லாப வரம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது.

அப்போ ரெகுலர் பிளான் வீணா?

அப்படிச் சொல்ல முடியாது. எந்த ஃபண்ட், எவ்வளவு, எப்போது என்பதை நீங்களே முடிவு செய்ய முடியும் என்றால் டைரக்ட் லாபம். ஆனால் மார்க்கெட் 30% விழுந்த மாதத்தில் பயந்து மொத்தத்தையும் விற்பவருக்கு, மிச்சப்படுத்திய 1% எந்த மூலைக்கும் போதாது. அந்த நேரத்தில் போன் செய்து தடுத்து நிறுத்தும் ஏஜென்ட், வாங்கும் கமிஷனுக்கு உழைத்தவர்தான். ஃபண்டை விற்றுவிட்டு அதன் பிறகு ஒருமுறைகூடப் பேசாத ஏஜென்டுக்கும் அதே கமிஷன்தான் போகிறது. உங்களுடையவர் இதில் எந்த ரகம் என்பதைப் பார்த்து, ஸ்டேட்மென்டில் இருக்கும் கமிஷன் தொகைக்கு அது தகுமா என்று முடிவு செய்யுங்கள்.

(மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை. மேலே உள்ள கணக்குகள் விளக்கத்துக்காக மட்டுமே.)