டெயில்ஸ்டாக் விலக்கம்

டெயில்ஸ்டாக் விலக்கம் என்பது, லேத்தில் இரு சென்டர்களுக்கு இடையே பிடிக்கப்பட்ட தண்டில் குறைந்த சரிவுள்ள டேப்பரைக் கடைவதற்காக, டெயில்ஸ்டாக்கை அதன் அடித்தளத்தின் மேல் குறுக்காக நகர்த்த வேண்டிய தொலைவாகும். தண்டின் அச்சு சற்றே சாய்ந்து நிற்க, வெட்டுளி படுக்கைக்கு இணையாகவே செல்வதால், விட்டம் சீராக மாறுகிறது.

S = L × (D − d) ÷ (2 × l)

இங்கு D பெரிய விட்டம், d சிறிய விட்டம், l டேப்பரின் நீளம், L தண்டின் முழு நீளம். 300 மி.மீ. தண்டில் 120 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 40இலிருந்து 37 மி.மீ. ஆகக் குறைய வேண்டுமெனில், விலக்கம் 300 × 3 ÷ 240, அதாவது 3.75 மி.மீ. ஆகும். L இடத்தில் டேப்பர் நீளத்தையே இடுவது வழக்கமான பிழை, அப்போது 1.5 மி.மீ. மட்டுமே கிடைத்து, சரிவு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். முழு நீளம் கணக்கில் வருவதால், ஒரே அமைப்பில் நீளம் மாறுபட்ட தண்டுகளைக் கடைந்தால் சரிவும் மாறுபடும்.

டெயில்ஸ்டாக்கை இயக்குபவர் பக்கம் நகர்த்தினால் சிறிய முனை டெயில்ஸ்டாக் பக்கம் அமையும். முன்பே சீராகக் கடையப்பட்ட தண்டின் பக்கவாட்டில் டயல் கேஜை வைத்துக் கேரியேஜை 120 மி.மீ. நகர்த்தும்போது அளவு 1.5 மி.மீ. மாறினால் விலக்கம் சரியானது. வெட்டுளியின் முனை சென்டர் உயரத்தில் இல்லாவிட்டால், விலக்கம் சரியாக இருந்தும் டேப்பர் சற்று வளைந்துவிடும். சாய்வு மிகும்போது சென்டர்கள் துளைகளில் ஓரமாக மட்டுமே படிந்து தேய்வதால், இம்முறை சிறு கோணங்களுக்கே ஏற்றது. கோளமுனைச் சென்டர் இத்தேய்வைக் குறைக்கும்.