தலைக்கட்டு வரியும் 1975ஆம் வருஷத்துச் சட்டமும்

நம்ம காட்டுப்பள்ளி மாதிரி கடலோரக் குப்பங்கள்ல திருவிழான்னா தலைக்கட்டு வரிதான் முதல் வரவு. வீட்டுக்கு இவ்வளவுன்னு ஊர் கூடி முடிவு பண்ணும், விழாக் குழு வசூலிக்கும். விழா முடிஞ்சதும் கணக்கை ஊர் முன்னாடி படிப்பாங்க. இந்தக் கணக்குல அரசாங்கம் எப்போ நுழைஞ்சதுன்னு தேடிப் பார்த்தேன்.

1860ஆம் வருஷத்து சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆனா கட்டாயமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல வந்து, 1978ல அமலானது. அதுதான் கோடு போட்டது: உறுப்பினர் 20 பேர் இருந்தாலோ, வருஷ வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிஞ்சே ஆகணும். 1975ல 10,000 பெரிய தொகை. இன்னிக்கு ஒரு நாள் மேளத்துக்கே அது பத்தாது!

பதிஞ்ச சங்கம் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வரவு செலவுக் கணக்கோட, ஐந்தொகையும் போடணும். ஐந்தொகைன்னா கையில, வங்கியில என்ன இருக்கு, யார் நமக்குத் தரணும், நாம யாருக்குத் தரணும் என்கிற பட்டியல். அது எதுக்குன்னு கேப்பீங்க. ஒரு உதாரணம் பார்ப்போம்.

60 வீடு, வீட்டுக்கு 2,000, ஆக 1,20,000. போன வருஷ இருப்பு 15,000. சாமிக்குச் சாத்தின மாலை, எலுமிச்சம்பழம் ஏலம் போனது 12,000. மொத்தம் 1,47,000. பந்தல், லைட், மேளம், கூழ் எல்லாம் சேர்த்து செலவு 1,25,000. மீதி 22,000னு மைக்குல சொல்லியாச்சு. பெட்டியில எண்ணினா 17,000தான் இருக்கு. பொருளாளர் 5,000 அடிச்சுட்டார்னு பேச்சு கிளம்பும், சில ஊர்ல வெட்டுக்குத்து வரைக்கும் போகும்.

உண்மையில ஏலம் எடுத்தவங்க 7,000தான் கட்டியிருக்காங்க. பாக்கி 5,000 இன்னும் வரலை. ஏலத்துல கேட்ட தொகை வேற, கைக்கு வந்த தொகை வேற. ரொக்கக் கணக்குல 7,000 மட்டும் எழுதி, மீதியை 'வர வேண்டியது'ன்னு ஆள் பேரோட ஐந்தொகையில காட்டினா சண்டையே இல்லை.

உண்மையான திருட்டை ரசீதுப் புத்தகம் காட்டிக் கொடுக்கும். வரிசை எண் அச்சடிச்ச புத்தகமா இருக்கணும், எந்தப் புத்தகம் யார் கையிலன்னு எழுதி வைக்கணும். தப்பா எழுதின ரசீதைக் கிழிச்சுப் போடாம அடிக்கட்டையோட ஒட்டி வைக்கணும். எண் ஒண்ணு விட்டுப்போனா அங்கேதான் கேள்வி கேக்கணும்.

இன்னொண்ணு. சங்கம் பதிஞ்சதால கோயில் சங்கத்துக்குச் சொந்தமாகாது. பொதுக்கோயில்னா 1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டம் தனியா பொருந்தும். உண்டியல் காசு சாமியோடது, வரி விழாவோடது. ரெண்டையும் ஒரே நோட்டுல கலந்து எழுதின குழு, பின்னாடி எது யாருடையதுன்னு நிரூபிக்க முடியாம நிக்கும்.

உங்க ஊர்க் கணக்கு நோட்டுல ஏலப் பாக்கியை எங்கே எழுதறாங்கன்னு ஒரு தடவை புரட்டிப் பாருங்க.