பழுவேட்டரையரும் தங்கம்மாவும்

கடத்தூர்ப் பக்கம் பள்ளி வயதில் 'பொன்னியின் செல்வ'னையும் கல்லூரி வயதில் 'மோகமுள்'ளையும் படித்தவர்களில் நானும் ஒருவன். ஐம்பதை நெருங்கும்போது இரண்டையும் அடுத்தடுத்து மறுபடி படித்தேன். இரண்டிலும் என் கண் ஒரே மாதிரி இடத்தில் போய் நின்றது: கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய கதையில், அறுபதைக் கடந்த பெரிய பழுவேட்டரையர் நந்தினியை மணக்கிறார். பதினாறு வயதில் படிக்கும்போது அவர் நாயகன் வந்தியத்தேவனின் வழியில் நிற்கும் ஆள், அவ்வளவுதான். ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, நாமும் சேர்ந்து சிரிப்போம். இப்போதோ கொள்ளிடத்தில் படகு கவிழ்ந்து அவர் கரையேறும் பகுதியைத் தாண்டிப் போக முடியவில்லை. சதிகாரர்கள் பேசுவது காதில் விழுகிறது. உடம்பெல்லாம் போர்த்தழும்பு வாங்கிய மனிதருக்கு, தன் மனைவி அந்தச் சதியில் ஒருத்தி என்பது அங்கேதான் தெரிகிறது. அடுத்து என்ன என்ற பதைப்பில் முதல் தடவை ஓடிக் கடந்த அத்தியாயம் அது. கதை முடிவு தெரிந்த பிறகுதான் அவருடைய அவமானத்தோடு கூடவே நடக்க முடிகிறது.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நேர் எதிர்: அங்கே என்னை நிறுத்தியது கிழவரல்ல, இளம் மனைவி. பாபுவின் கும்பகோண வாழ்க்கையில் அக்கம்பக்கத்துக் கிழவரின் இளம் மனைவி தங்கம்மா. ஓர் இரவு அவனிடம் வருகிறாள். மறுபடி வரும்போது அவன் விலக்குகிறான். அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பாபு விரும்பும் யமுனாவுக்காகவே பக்கம் புரட்டும் இருபது வயதில் தங்கம்மா ஓர் இடைஞ்சலாகத்தான் தெரிந்தாள். குழந்தைத் திருமணச் செய்தி இன்னும் ஓயாத தர்மபுரி மாவட்டத்தில், பெண்ணைப் பெற்றவனாக அதே பக்கங்களைப் படித்தால் மனம் பதறுகிறது. அவளை அந்த வீட்டுக்கு அனுப்பியவர்கள் யார் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு நாவல்களும் சொல்லப்பட்ட விதத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. கல்கியின் கதைசொல்லி எல்லார் வீட்டுக்குள்ளும் போய்வருகிறார். பழுவேட்டரையரின் துயரம் முழுதாக எழுதப்பட்டே இருக்கிறது, நாம்தான் வேகத்தில் தவறவிடுகிறோம். ஜானகிராமன் பெரும்பாலும் பாபுவை விட்டு நகர்வதில்லை. தங்கம்மாவை அவன் கண்ணால் மட்டுமே பார்க்கிறோம். அவன் குற்றவுணர்வு விரிவாக வருகிறது, அவள் பகல் பொழுதுகள் வருவதில்லை. அவற்றை வாசகன் தன் ஊரில் பார்த்ததைக் கொண்டு நிரப்ப வேண்டும். இருபது வயதில் அதற்கு என்னிடம் சரக்கு இல்லை.

மறுவாசிப்பில் கல்கி கொஞ்சம் இளைக்கவும் செய்கிறார். வாரா வாரம் வாசகரை இழுத்துப் பிடிக்க வைத்த திருப்பங்கள், தற்செயல் சந்திப்புகள் எல்லாம் விடை தெரிந்தபின் நீளமாகப் படுகின்றன. ஐந்து பாகங்களையும் வரிசையாக மறுபடி படிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கொள்ளிடத்து வெள்ளத்திலிருந்து பழுவேட்டரையரின் மரணம் வரை படித்தால் போதும். 'மோகமுள்'ளில் அப்படித் தாண்டிப் போக இடமில்லை. தங்கம்மா வரும் பக்கங்கள் குறைவுதான், ஆனால் அதற்குப் பிறகு பாபு எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அவளை நினைத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது.