காத்திருப்புக் காலமும் கருமையும்: ஓலெட் மானிட்டர்களில் குறை ஃபிரேம் வீத மினுக்கல் குறித்த ஓர் ஆய்வு

சுருக்கம்

மாறும் புதுப்பிப்பு வீதத்தில் இயங்கும் ஓலெட் மானிட்டர்களில், விளையாட்டின் ஃபிரேம் வீதம் மிகக் கீழே இறங்கும்போது இருண்ட பகுதிகள் மினுங்குகின்றன. ஃபிரேம் வீதம் குறைவதே இதற்குக் காரணம் என்பது பரவலான கருத்து. அக்கருத்து பாதி உண்மையே என இக்கட்டுரை வாதிடுகிறது. ஒரு படத்தைப் பிக்சலில் எழுதும் நேரத்தில், அது எவ்வளவு நேரம் அங்கே நிற்க வேண்டும் என்பது திரைக்குத் தெரிவதில்லை. நிற்கும் நேரம் திடீர் திடீரென மாறுவதே மினுக்கலின் வேர். 48 ஹெர்ட்ஸ் எல்லையை ஒட்டிய நிலை ஒன்றைக் கணக்கிட்டு இவ்வாதம் நிறுவப்படுகிறது.

1. திரை எதை மாற்றுகிறது?

240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று, ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதி முடிக்கச் சுமார் 4.2 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. விளையாட்டு நொடிக்கு 240 ஃபிரேம் தந்தாலும் 50 ஃபிரேம் தந்தாலும் எழுதும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். எழுதி முடித்த பின் அடுத்த படம் வரும்வரை திரை காத்திருக்கும் நேரம்தான் நீள்கிறது. 50 ஃபிரேமில் ஒரு படத்தின் ஆயுள் 20 மில்லிநொடி. அதில் எழுதும் வேலை ஐந்தில் ஒரு பங்கு, மீதி முழுவதும் காத்திருப்பு.

இந்தக் காத்திருப்பில் ஓலெட் பிக்சலின் அமைப்பு சோதனைக்கு உள்ளாகிறது. ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு சிறிய மின்தேக்கி இருக்கிறது. எழுதும்போது அதில் ஏற்றப்படும் மின்னழுத்தம் ஒரு டிரான்சிஸ்டரின் வாயிலில் நின்று, ஒளிரும் பொருளுக்குள் எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மின்தேக்கியில் உள்ள மின்னேற்றம் எப்போதும் சிறிதளவு கசியும். 4 மில்லிநொடியில் கசிவது பொருட்படுத்தத் தகாதது. 20 மில்லிநொடியில் அது ஐந்து மடங்கு ஆகிறது.

தயாரிப்பாளர்கள் திரையின் காமாவைப் பொதுவாக உச்சப் புதுப்பிப்பு வீதத்தை மையமாகக் கொண்டே சரிசெய்கின்றனர். ஆகவே உச்ச வீதத்திலிருந்து விலக விலக, ஒளி அளவு திட்டமிட்டதிலிருந்து விலகுகிறது.

2. 48 ஹெர்ட்ஸ் எல்லை

மாறும் புதுப்பிப்புக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. பல மானிட்டர்களில் அது 48 ஹெர்ட்ஸ், அதாவது 20.83 மில்லிநொடி. ஃபிரேம் வீதம் அதற்கும் கீழே போனால் என்ன செய்வது? ஏஎம்டி நிறுவனம் 2015இல் தன் டிரைவரில் சேர்த்த குறை ஃபிரேம் ஈடுசெய்தல் இதற்கான விடை. ஒரே ஃபிரேம் இரண்டு முறையோ அதற்கு மேலோ திரைக்கு அனுப்பப்படும். 47 ஃபிரேமில் ஓடும் விளையாட்டுக்குத் திரை 94 ஹெர்ட்ஸில் இயங்கும். அசைவின் சீர்மையைக் காக்க இது நல்ல ஏற்பாடு.

ஒளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு குழி இருக்கிறது. ஃபிரேம் வீதம் 49இலிருந்து 47க்கு இறங்குகிறது. மாற்றம் இரண்டே ஃபிரேம். ஆனால் திரையின் புதுப்பிப்பு வீதம் 49இலிருந்து 94க்குத் தாவுகிறது. பிக்சல் ஒரு மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கும் நேரம் பாதியாகிறது. விளையாட்டு அந்த எல்லையிலேயே ஊசலாடினால் இத்தாவலும் திரும்பத் திரும்ப நிகழும்.

3. ஒரு கணக்கு

குகைக்குள் நடக்கும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபிரேம் வீதம் 45க்கும் 50க்கும் இடையே அலைகிறது. சில ஃபிரேம்கள் 20 மில்லிநொடியிலும் சில 22 மில்லிநொடியிலும் தயாராகின்றன. முதல் வகை ஒரே முறை எழுதப்பட்டு 20 மில்லிநொடி நிற்கும். இரண்டாம் வகை எல்லையைத் தாண்டுவதால் இரண்டு முறை எழுதப்பட்டு, ஒவ்வொரு முறையும் 11 மில்லிநொடி நிற்கும்.

விளக்கத்துக்காக, வாயில் மின்னழுத்தம் ஒரு மில்லிநொடிக்கு அரை மில்லிவோல்ட் விலகுவதாகக் கொள்வோம். இது எந்த மானிட்டரிலும் அளந்த எண் அன்று. 20 மில்லிநொடி நின்றால் சராசரி விலகல் 5 மில்லிவோல்ட். 11 மில்லிநொடி நின்றால் 2.75. வேறுபாடு 2.25 மில்லிவோல்ட்.

இவ்வேறுபாடு பிரகாசமான பிக்சலையும் இருண்ட பிக்சலையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. பிரகாசமான பிக்சலில் டிரான்சிஸ்டர் தன் தொடக்க மின்னழுத்தத்துக்கு மேலே, 2 வோல்ட் அளவில், வேலை செய்வதாகக் கொண்டால், மின்னோட்டம் அந்த உபரியின் இருமடிக்கு ஏற்ப அமையும். மாற்றம் 0.2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இருண்ட பிக்சலில் டிரான்சிஸ்டர் தொடக்க மின்னழுத்தத்துக்குக் கீழே இயங்குகிறது. அங்கே மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு ஏற்ப அடுக்குக்குறி வேகத்தில் மாறும். கால் வோல்ட்டுக்குப் பத்து மடங்கு என்ற சரிவை வைத்துக்கொண்டால், அதே 2.25 மில்லிவோல்ட் சுமார் 2 சதவீத ஒளிமாற்றத்தைத் தருகிறது. ஒரே கசிவு, பத்து மடங்கு விளைவு.

மினுக்கலைக் காணும் திறன் குறித்து 1950களிலும் 1960களிலும் டி லாங்கேயும் கெல்லியும் செய்த ஆய்வுகள், வெளிச்சமான புலத்தில் 10 முதல் 20 ஹெர்ட்ஸ் அளவில் ஏறக்குறைய அரை சதவீத மாற்றத்தையும் கண் உணரக்கூடும் என்று காட்டின. புலம் மங்கும்போது அத்திறன் குறைகிறது, உச்சமும் மெதுவான அலைவுகளை நோக்கி நகர்கிறது. ஆனால் நம் கணக்கில் இருட்டுப் பகுதியின் மாற்றம் பிரகாசமான பகுதியின் மாற்றத்தைவிடப் பத்து மடங்கு பெரியது. அதோடு, எல்லையைத் தாண்டும் ஊசலாட்டம் நொடிக்குச் சில முறை நிகழ்வது, மங்கிய புலத்தில் கண் எளிதாகப் பிடிக்கும் வேகம். குகைச் சுவரும் இரவு வானமும் ஏற்றும் திரையின் கருமையும் முதலில் மினுங்குவது இதனால்தான்.

4. மறுப்பும் விடையும்

ஓலெட் திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் ஒளியில் ஒரு நொடிப்பொழுதுச் சரிவு ஏற்படுவது ஒளியுணரிப் பதிவுகளில் தெரியும். புதுப்பிப்புகள் கூடினால் சரிவுகளும் கூடும், சராசரி ஒளி குறையும். மினுக்கலுக்கு அதுவே போதிய விளக்கம் எனலாம். இச்சரிவும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் சரிவு மட்டுமே காரணமாக இருந்தால், ஒளியிழப்பு எல்லாச் சாம்பல் நிறங்களிலும் ஏறத்தாழ ஒரே சதவீதமாக இருக்க வேண்டும். அனுபவத்தில் தொல்லை கருமைக்கு அருகே குவிகிறது. இக்குவிப்பை விளக்க வாயில் மின்னழுத்தத்தின் விலகல் தேவைப்படுகிறது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. 2 சதவீதச் சாம்பல் கட்டம் ஒன்றையும் 50 சதவீதக் கட்டம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபிரேம் நேரத்தை 20க்கும் 22 மில்லிநொடிக்கும் இடையே மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக மினுங்கினால் சரிவே முதன்மை. இருண்ட கட்டம் மட்டும் மினுங்கினால் காத்திருப்பே முதன்மை.

மாறும் புதுப்பிப்பை முழுவதும் அணைத்த பின்னும் மினுக்கல் தொடர்ந்தால், காரணம் விளையாட்டின் ஒளியமைப்பிலோ மானிட்டரின் தானியங்கி ஒளிக்கட்டுப்பாட்டிலோ இருக்கலாம். அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

5. குறைவா, நிலையின்மையா?

நம் விளக்கம் சரியென்றால், வழக்கமான எதிர்பார்ப்புக்கு மாறான ஒன்று நடக்க வேண்டும். 45க்கும் 50க்கும் இடையே அலையும் அதே விளையாட்டின் ஃபிரேம் வீதத்தை 44இல் பூட்டினால் மினுக்கல் நிற்க வேண்டும். எல்லா ஃபிரேம்களும் 22.7 மில்லிநொடிக்கு வருகின்றன, எல்லாமே இருமுறை எழுதப்படுகின்றன, திரை 88 ஹெர்ட்ஸில் நிலைகொள்கிறது. ஃபிரேம் வீதம் குறைந்திருக்கிறது, ஒளியோ அசையவில்லை. இதைச் சோதிக்க, புதுப்பிப்பு வீதத்தை நேரலையில் காட்டும் மானிட்டர் மெனுவும் ஃபிரேம் நேர வரைபடமும் போதும். மினுங்கும்போது மெனுவின் எண் 50க்கும் 90க்கும் இடையே குதிக்கும். பூட்டிய பின் 88இல் நிற்கும்.

சராசரியைப் பார்ப்பது ஏன் பயன்தராது என்பதும் இதிலிருந்து புலப்படும். நொடிக்கு 90 ஃபிரேமில் ஓடும் விளையாட்டில் 100 மில்லிநொடித் தடங்கல் ஒன்று வந்தால், சராசரியில் அது தெரியாது. ஆனால் 11 மில்லிநொடி நின்றுகொண்டிருந்த பிக்சல் அத்தருணத்தில் எல்லை வரை, 20.83 மில்லிநொடி, நிற்க நேரிடும். இருட்டில் அது ஒரு வெட்டாகத் தெரியும்.

6. திருத்தம் எங்கே அமைய வேண்டும்?

ஒவ்வொரு வீதத்துக்கும் தனித்தனிக் காமா அட்டவணை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அட்டவணையைத் தேர்ந்தெடுக்கப் படத்தின் ஆயுள் முன்பே தெரிய வேண்டும். அடுத்த ஃபிரேம் வந்த பிறகுதான் முந்தைய ஃபிரேம் எவ்வளவு நேரம் நின்றது என்பதே திரைக்குத் தெரிகிறது. அதற்குள் மின்னழுத்தம் எழுதப்பட்டுவிட்டது.

எல்ஜி நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு ஓலெட் தொலைக்காட்சிகளில் இச்சிக்கல் பரவலாகப் பேசப்பட்டது. 2021 மாதிரிகளில் Fine Tune Dark Areas என்ற அமைப்பு இடம்பெற்றது. பயனர் இருண்ட பகுதியின் அளவைத் தாமே கூட்டலாம், குறைக்கலாம். கருமை வெளுத்துத் தெரிவதை இது சீர்செய்கிறது. ஆனால் காத்திருப்பு நேரத்தைப் பொறுத்து மாறாத ஒரு திருத்தம் வளைகோட்டை முழுவதுமாக நகர்த்துமே தவிர, இரண்டு நேரங்களுக்கு இடையிலான தாவலை நீக்காது.

தாவலையே சுருக்கும் வழி ஒன்று உண்டு. மீண்டும் எழுதுவதை 48க்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்ளாமல், முடிந்த இடமெல்லாம் திரை தாங்கும் அளவுக்குப் பெருக்க வேண்டும். 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 20 மில்லிநொடி ஃபிரேமை நான்கு முறை எழுதினால் ஒவ்வொன்றும் 5 மில்லிநொடி நிற்கும். 22 மில்லிநொடி ஃபிரேமை ஐந்து முறை எழுதினால் 4.4 மில்லிநொடி. நம் கணக்கில் விலகல் வேறுபாடு 2.25இலிருந்து 0.15 மில்லிவோல்ட்டாகச் சுருங்குகிறது. இருண்ட பிக்சலின் ஒளிமாற்றம் 2 சதவீதத்திலிருந்து 0.14 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஏசஸ் மானிட்டர்களில் காணும் OLED Anti-Flicker அமைப்பு புதுப்பிப்பு வரம்பைக் குறுக்குவது இதே திசையில் வைத்த ஓர் அடி.

இதற்கு விலை உண்டு. திரை ஒரு மறுபதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது புதிய ஃபிரேம் வந்தால், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதிகபட்சம் 4.2 மில்லிநொடி. நொடிக்கு 200 ஃபிரேமில் விளையாடுபவருக்கு அது ஏறக்குறைய ஒரு முழு ஃபிரேமின் நேரம். 45 ஃபிரேமில் விளையாடுபவருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மினுக்கல் தொல்லை தரும் இடமும் இந்த விலை குறையும் இடமும் ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே குறை ஃபிரேம் வீதத்தில் மட்டும் இம்முறையைக் கையாள்வது நியாயமானது.

7. முடிவு

குறை ஃபிரேம் வீத மினுக்கலை வேகக் குறைவின் விளைவாகப் பார்ப்பவர், வலிமையான கிராபிக்ஸ் கார்டைத் தேடுவார். காத்திருப்பு நேரத்தின் தாவலாகப் பார்ப்பவர், ஃபிரேம் நேரத்தை எல்லையின் ஒரே பக்கத்தில் நிறுத்துவார். செலவில்லாத இரண்டாவது வழியே காரணத்தைத் தொடுகிறது. மானிட்டர்களை மதிப்பிடுவோர் வெறும் வரம்பை மட்டும் அறிவிக்காமல், 2 சதவீதச் சாம்பலில் 5, 10, 20 மில்லிநொடிக் காத்திருப்புகளுக்கு இடையே ஒளி எவ்வளவு மாறுகிறது என்பதையும் வெளியிட வேண்டும். அம்மூன்று எண்கள் கையில் இருந்தால், தன் விளையாட்டு எங்கே மினுங்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே ஒருவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.